அந்த புளூ டிக்கை யார் கொடுத்தது?

சித்தியவானில் புலனக் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. கோயில் குழு, தோட்டத்துப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் குழு, சொந்தக்காரர்கள் குழு என்று ஆளுக்கு நாலைந்தாவது இருக்கும். இவற்றில் அடிக்கடி ஏதாவது முதலீட்டு வீடியோ வந்து விழுகிறது. ஒரு பிரபலத்தின் முகம், பின்னால் ஒரு முகநூல் பக்கம், இவ்வளவு வெள்ளி போட்டால் இவ்வளவு வெள்ளி திரும்பும் என்ற வாக்குறுதி. யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "பேருக்குப் பக்கத்துல புளூ டிக் இருக்கே தம்பி, பார்க்கலையா?"

இந்தப் பதில் எனக்குக் கவலை தருகிறது. சொல்பவர் ஏமாளி இல்லை. அந்தக் குறி ஒரு காலத்தில் உண்மையாகவே ஒரு சான்றாக இருந்தது, அவர் அந்தக் காலத்துப் பழக்கத்தில் பேசுகிறார். இடையில் அதன் அர்த்தம் மாறிவிட்டது. உருவம் மட்டும் மாறவில்லை, நிறம் மாறவில்லை, இருக்கும் இடமும் மாறவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இது எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். 2009ஆம் ஆண்டில் டோனி லா ரூசா என்ற அமெரிக்க பேஸ்பால் பயிற்றுநரின் பெயரில் யாரோ ட்விட்டரில் போலிக் கணக்கு தொடங்கி, அவர் சொன்னது போலவே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். அந்த ஜூன் மாதமே, பிரபலங்களின் கணக்குகளைச் சரிபார்த்துக் குறி போடும் ஏற்பாட்டை ட்விட்டர் அறிவித்தது. அந்தக் குறி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொன்னது: இந்தப் பெயரில் எழுதுவது அந்த ஆள்தானா? அவர் நல்லவரா, சொல்வது உண்மையா என்பதெல்லாம் அதில் இல்லவே இல்லை.

ஆனால் மக்கள் அதை அப்படி மட்டும் பார்க்கவில்லை. பெரிய மனிதர்களுக்குத்தான் கிடைக்கிறது என்றதும் அது ஒரு மரியாதையாகிவிட்டது. 2017 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு வெள்ளை இனவாதப் பேரணியை ஏற்பாடு செய்த ஜேசன் கெஸ்லருக்கு ட்விட்டர் குறி கொடுத்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆள் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இவருக்கு எப்படி இந்த அங்கீகாரத்தைக் கொடுக்கலாம் என்பதுதான் மக்களின் கேள்வி. நிறுவனம் அடையாளத்தைச் சொன்னது, மக்கள் அதைப் பாராட்டாகப் படித்தார்கள். குழப்பம் தீரும்வரை பொது விண்ணப்பங்களையே ட்விட்டர் நிறுத்தி வைத்தது.

2021 மே மாதம் மறுபடி திறந்தபோது விதிகளை எழுதி வெளியிட்டார்கள். தகுதி எப்படி முடிவு செய்யப்பட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த வரையில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அரசாங்கம், நிறுவனங்கள், செய்தித்துறை, கேளிக்கைத் துறை, விளையாட்டு, சமூக ஆர்வலர்களும் செல்வாக்குள்ள மற்றவர்களும் என்று ஆறு பிரிவுகள். கணக்கு உண்மையானதாக இருக்க வேண்டும், அந்த ஆள் பொதுவெளியில் அறியப்பட்டவராக இருக்க வேண்டும், கணக்கு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். உண்மையானது என்று காட்ட அடையாள ஆவணமோ, நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியோ, அதிகாரபூர்வ வலைத்தளத்திலிருந்து கணக்குக்கு ஒரு இணைப்போ கொடுக்கலாம். இது சுலபம். அறியப்பட்டவர் என்று நிரூபிப்பதுதான் கடினம். சில பிரிவுகளில் கடந்த ஆறு மாதத்தில் செய்தி நிறுவனங்கள் எழுதிய மூன்று கட்டுரைகளைக் காட்டச் சொன்னார்கள். பின்தொடர்பவர் எண்ணிக்கையைக் காட்டுவதென்றால், அந்த வட்டாரத்தின் இயங்கும் கணக்குகளில் மிக உயர்ந்த 0.05 விழுக்காட்டுக்குள் வரவேண்டும்.

இந்த விதிகளை நம் ஊர்க் கண்ணோட்டத்தில் படித்துப் பாருங்கள். பேராக் முழுக்க மேடைக் கச்சேரி செய்யும் ஒரு தமிழ்ப் பாடகர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயர் தாவார், பந்தாய் ரெமிஸ், லுமுட் வரை அவர் குரலைக் கேட்டதும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். அவரைப் பற்றிய செய்தி தமிழ்ப் பத்திரிகையின் உள்பக்கத்தில் படத்தோடு வந்திருக்கும், அதை வெட்டி அம்மா பத்திரப்படுத்தி வைத்திருப்பார். இணையத்தில் தேடினால் கிடைக்காது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றே போனது. விண்ணப்பத்தில் ஒட்ட ஒரு இணைப்பு இல்லாததால் அந்தப் பாடகர் நிறுவனத்தின் கணக்கில் அறியப்படாதவர் ஆகிவிடுவார். இலவசக் குறி நியாயமாகப் பகிரப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் எழுதப்படுபவர்களுக்கு அது சாதகமாகவே இருந்தது. பணம் கட்டி வாங்கும் குறி வந்தபோது பலர் அதை வரவேற்றதற்கு இந்த மனக்குறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கணக்கு இயங்க வேண்டும் என்ற விதிக்கு நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு உதாரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் தோனியின் கணக்கிலிருந்து நீலக்குறி காணாமல் போனது. அவர் நீண்ட நாளாக எதுவும் எழுதவில்லை, அவ்வளவுதான். இரசிகர்கள் கொந்தளித்தார்கள், குறி திரும்பி வந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன் அப்போதைய இந்தியத் துணைக் குடியரசுத் தலைவர் வெங்கையா நாயுடுவின் தனிப்பட்ட கணக்குக்கும் இதேதான் நடந்தது. தோனி தோனி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பேசாமல் கிடக்கும் கணக்கை வேறு யாராவது கைப்பற்றினால் குறியும் கூடவே போய்விடும் என்பதால் அப்படி ஒரு விதி தேவைப்பட்டது. குறி இல்லை என்றால் போலி என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கும் இதுவே சாட்சி. நம் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எதற்கும் குறி இருக்கப் போவதில்லை. அதனால் அவை போலியாகிவிடுமா?

இனி 2022 நவம்பருக்கு வருவோம். ஈலோன் மஸ்க் ட்விட்டரை வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 9 அன்று, மாதம் எட்டு டாலர் சந்தா கட்டினால் அதே நீலக்குறி என்று சில நாடுகளில் ஐபோன் பயனாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அடையாள அட்டை கேட்கவில்லை. எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம், எந்தப் படத்தையும் போட்டுக்கொள்ளலாம்.

மறுநாளே @EliLillyandCo என்ற கணக்கு, இன்சுலின் இனி இலவசம் என்று மகிழ்ச்சியோடு அறிவித்தது. ஈலை லில்லி இன்சுலின் தயாரிக்கும் பெரிய அமெரிக்க மருந்து நிறுவனம். அறிவித்த கணக்கில் அதன் சின்னம் இருந்தது, அதன் பெயர் இருந்தது, பக்கத்தில் நீலக்குறியும் இருந்தது. அசல் நிறுவனத்தின் கணக்கு @LillyPad. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிறுவனத்தின் பெயரைச் சரியாகத் தாங்கியிருப்பது போலிதான். அசலைப் பார்த்தால் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் போல இருக்கிறது. கணக்கு முகவரியைக் கவனமாகப் படித்தவர்கள்கூட இங்கே தப்பாகத்தான் முடிவு செய்திருப்பார்கள். பல மணி நேரம் அந்தப் பதிவு நீக்கப்படாமல் ஆயிரக்கணக்கானவர்களிடம் பரவியது. நிறுவனம் தன் சொந்தக் கணக்கில், பொய்த் தகவலால் தவறாக வழிநடத்தப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. மறுநாள் அதன் பங்கு விலை நாலு விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. அன்று மற்ற மருந்து நிறுவனங்களின் பங்குகளும் இறங்கியதால் முழுப் பழியையும் அந்த ஒரு பதிவின் மேல் போட முடியாது. ஆனால் வீட்டில் இனிப்புநீர் நோயாளி இருக்கும் யாரும், இன்சுலின் இலவசம் என்ற வரியைப் படித்துவிட்டு அது பொய் என்று தெரியவரும்போது என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த எட்டு டாலர் குறி நவம்பர் 11ஆம் தேதி நிறுத்தப்பட்டு, டிசம்பர் 12ஆம் தேதி கொஞ்சம் கட்டுப்பாடுகளோடு திரும்பியது. தொலைபேசி எண்ணை உறுதி செய்ய வேண்டும், பெயரையோ படத்தையோ மாற்றினால் மறுபடி பார்த்து முடிக்கும்வரை குறி போய்விடும். நிறுவனங்களுக்குத் தங்க நிறம், அரசாங்கக் கணக்குகளுக்குச் சாம்பல் நிறம் என்று பிரித்தார்கள். சாம்பல் நிறம் காசுக்குக் கிடைக்காது. தங்க நிறத்துக்கு 2023இல் அமெரிக்காவில் மாதம் 1,000 டாலர் வைத்தார்கள்.

நீலத்தில்தான் சிக்கல் தங்கிவிட்டது. கொஞ்ச காலத்துக்கு, குறியைத் தட்டினால் இது சந்தாவால் வந்ததா, பழைய முறையில் வந்ததா என்று ஒரு வரி காட்டியது. அந்த வரிதான் வாசகருக்கு இருந்த ஒரே பிடி. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டையும் ஒரே வாக்கியமாகச் சேர்த்துவிட்டார்கள்: சந்தா கட்டியதால், அல்லது பழைய முறையில் பெற்றதால். அதன் பிறகு எது எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஏப்ரல் 20 அன்று பழைய குறிகளை மொத்தமாக எடுத்தார்கள். ரஜினிகாந்த், ஷாருக் கான், அமிதாப் பச்சன் எல்லாருடைய குறிகளும் போயின. இரண்டு மூன்று நாளில் பத்து லட்சத்துக்கு மேல் பின்தொடர்பவர்கள் உள்ள பல கணக்குகளுக்குத் தானாகவே குறி திரும்பி வந்தது. தட்டிப் பார்த்தால், இவர் சந்தா கட்டி, தொலைபேசி எண்ணை உறுதி செய்தவர் என்று இருந்தது. நடிகர் சாட்விக் போஸ்மேனின் கணக்கிலும் அதே வரி. அவர் 2020இலேயே இறந்துவிட்டார். காசு கட்டாதவர் கட்டியதாகவும், இறந்தவர் எண்ணை உறுதி செய்ததாகவும் ஒரு குறி சொன்னால், அதை எந்தக் கேள்விக்குப் பதிலாக வைத்துக்கொள்வது?

இந்தக் கருத்து எனக்கு மட்டும் இல்லை. 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம், ட்விட்டராக இருந்த எக்ஸ் நிறுவனத்துக்கு 120 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று இந்த நீலக்குறிதான். கணக்கின் பின்னால் யார் என்று உருப்படியாகச் சரிபார்க்காமல், சரிபார்க்கப்பட்டது என்ற தோற்றத்தை விற்பது பயனாளரை ஏமாற்றும் வடிவமைப்பு என்றார்கள்.

முகநூலும் இன்ஸ்டகிராமும் வேறு வழியில் போயின, அது எனக்கு ஓரளவு சரியாகவே படுகிறது. 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மெட்டா வெரிஃபைட் சந்தாவுக்கு அரசாங்க அடையாள ஆவணம் கட்டாயம். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், கணக்கில் உள்ள பெயரும் முகமும் ஆவணத்தோடு பொருந்த வேண்டும், இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருக்க வேண்டும். ஆகவே தனிமனிதர் ஒருவர் காசு கொடுத்து இந்தக் குறியை வாங்கினால், அவர் அந்தப் பெயருள்ள ஆள் என்பதாவது நிற்கிறது. ஆள் பிரபலம் என்பது நிற்காது. ஒரு பிரபலத்தின் பெயரே இன்னொருவருக்கும் அடையாள அட்டையில் இருந்தால் அவரும் வாங்கலாம். பழைய முறையில் பெற்றவர்களின் குறியையும் மெட்டா பறிக்கவில்லை. ஆகையால் தேசிய விருது வாங்கிய பாடகியின் குறியும், போன வாரம் சந்தா கட்டியவரின் குறியும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இங்கேயும் ஓட்டை இருக்கிறது. 2023இல் நடந்தது இது. பஞ்சாபிப் பாடகி மிஸ் பூஜாவின் முகநூல் பக்கத்தை 7 மில்லியனுக்கு மேற்பட்டோர் பின்தொடர்ந்தார்கள், பல வருடமாக நீலக்குறி இருந்தது. ஹேக்கர்கள் அந்தப் பக்கத்தைக் கைப்பற்றி அதன் பெயரை Google AI என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, குறி மாறவில்லை. பிறகு ஆபத்தான மென்பொருளைப் பதிவிறக்கச் சொல்லி அந்தப் பக்கத்திலிருந்து விளம்பரம் ஓடியது, அதற்கும் முகநூல் அனுமதி கொடுத்தது. பார்ப்பவர் கண்ணில் படுவது என்ன? கூகுளின் பெயர், மில்லியன் கணக்கில் ஆட்கள், நீலக்குறி, காசு கொடுத்து ஓடும் விளம்பரம். எல்லாமே நம்பும்படிதான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. முகநூல் பக்கத்தில் அறிமுகப் பகுதிக்குள் போனால் Page transparency என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் பக்கம் எப்போது தொடங்கியது, எப்போதெல்லாம் பெயர் மாறியது என்று வரும். பல பக்கங்களுக்கு, நிர்வகிப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றும் வரும். மலேசியப் பிரபலத்தின் பக்கம் என்று சொல்லிக்கொள்ளும் ஒன்று வேறு ஏதோ பாடகியின் பெயரில் தொடங்கிப் போன மாதம் பெயர் மாறியிருந்தால், குறியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. இன்ஸ்டகிராமில் பெயரைத் தட்டினால் About this account வரும், பயனர் பெயரை எத்தனை தடவை மாற்றினார்கள் என்று சொல்லும். எக்ஸ் 2025 நவம்பரில் இதே மாதிரி ஒரு பக்கத்தைத் திறந்தது. கணக்கு எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது என்று காட்டுகிறது, விபிஎன் போட்டவர்களுக்கு அது தப்பாகவும் காட்டலாம்.

யூடியூபும் டிக்டாக்கும் குறியை விற்பதில்லை. யூடியூபில் 100,000 சந்தாதாரர் ஆன பிறகு விண்ணப்பிக்கலாம், சேனலின் பெயரை மாற்றினால் குறி போய்விடும். டிக்டாக் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பார்ப்பதில்லை, செய்திகளில் வந்தவரா என்று பார்க்கிறது. நம் பேராக் மேடைப் பாடகர் இங்கேயும் பத்திரிகை வெட்டுத்துணுக்கோடுதான் நிற்க வேண்டியிருக்கும்.

குறி வேண்டும் என்ற ஆசையையே பிடித்து ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடி பலகாரம் செய்து விற்கும் ஒரு அக்கா, நம் வட்டாரத்துக்காரர், தன் பக்கத்துக்கு வந்த ஒரு செய்தியை என்னிடம் காட்டினார். உங்கள் பக்கம் நீலக்குறிக்குத் தேர்வாகியிருக்கிறது, 24 மணி நேரத்தில் படிவத்தைப் பூர்த்தி செய்யாவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்று இருந்தது. அனுப்பியவரின் படம் மெட்டாவின் சின்னம். இணைப்பைத் தட்டினால் முகநூல் போலவே ஒரு பக்கம் திறந்தது. முதலில் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டது, அடுத்து கடவுச்சொல், அதற்கடுத்து கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண். "தம்பி, இதுல என்ன தப்பு? எல்லாமே நம்ம ஃபேஸ்புக் மாதிரிதானே இருக்கு?" என்று கேட்டார். முகவரிப் பட்டையைக் காட்டினேன். facebook.com என்ற முடிவு அதில் எங்குமே இல்லை, வேறு எதுவோ நீளமாக இருந்தது. அவர் அந்த ஆறு இலக்கத்தைக் கொடுக்காததால் பிழைத்தார். கொடுத்திருந்தால் அடுத்த சில நிமிடங்களில் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாறியிருக்கும், விளம்பரத்துக்காக இணைத்து வைத்த வங்கி அட்டையிலிருந்து வேறொருவருடைய விளம்பரத்துக்குக் காசு போயிருக்கும். மெசஞ்சரில் யாரோ வந்து குறி தருகிறேன் என்பது மோசடி. சந்தா வாங்குவதாக இருந்தால் செயலிக்குள் நீங்களாகத் தேடிப் போய் வாங்க வேண்டும்.

அவர் விடவில்லை. "அப்ப காசு கட்டி வாங்கலாமா?" என்று கேட்டார். அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவரை நேரில் அறிந்தவர்கள், அதனால் வேண்டாம் என்றேன். அந்தப் பாடகர் போன்றவர்களுக்கு என் பதில் வேறு. அவர் பெயரில் போலிக் கணக்கு தொடங்கிக் கச்சேரிக்கு முன்பணம் வாங்குகிறார்கள் என்றால், மெட்டாவின் சந்தா பயனுள்ளது. போலிகளைக் கண்காணிப்பதும், பிரச்சினை என்றால் ஒரு மனிதரிடம் பேச முடிவதும் அந்தச் சந்தாவுக்குள் வருகின்றன. என் கணிப்பில் அவர் கொடுக்கும் காசுக்கு உண்மையான பலன் அந்த இரண்டும்தான்.

பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது, குறியிலிருந்து தொடங்காதீர்கள், மறுபக்கத்திலிருந்து வாருங்கள். அரசாங்க இலாகா என்றால் முதலில் அதன் வலைத்தளத்துக்குப் போங்கள். .gov.my என்ற முடிவு அரசாங்க அமைப்புகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. அந்தத் தளத்தின் அடிப்பகுதியில் உள்ள முகநூல் சின்னத்தைத் தட்டினால் எந்தப் பக்கம் திறக்கிறதோ அதுதான் அசல், குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். வங்கிகளுக்கும் இதே வழி. ஈலை லில்லி விஷயத்தில் கணக்கின் பெயரைப் படித்தவர் தவறியிருக்கலாம், நிறுவனத்தின் தளத்திலிருந்து நடந்து வந்தவர் @LillyPad கணக்கில்தான் வந்து சேர்ந்திருப்பார்.

காசு கேட்கும் இடம் என்றால் இன்னும் ஒரு படி. பக்கத்தில் எந்தக் குறி இருந்தாலும், கடைசியில் ஒரு வங்கிக் கணக்கு எண் வந்தே தீரும். அந்த எண்ணை semakmule.rmp.gov.my தளத்தில் போட்டுப் பாருங்கள். அது போலீஸின் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு நடத்தும் தளம். எண்ணின் மேல் ஏற்கெனவே புகார் இருந்தால் சொல்லிவிடும். புதிதாகத் திறந்த கணக்காக இருந்தால் ஒன்றும் வராது, அதனால் வெறுமையாக வந்ததை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கு ஒரு நிறுவனத்தின் முதலீட்டுப் பணத்தை அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காசு போய்விட்டது என்றால் உடனே 997க்கு அழையுங்கள். தேசிய மோசடி நடவடிக்கை மையம் அது. காசு ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் வங்கியிடம் சொல்லி அதை முடக்க வேண்டும், அதற்குக் கிடைக்கும் நேரம் சில மணிகள்தான்.